எட்டுப் பேரின் இலக்குத் தாள்

மார்ச் 31 மாலை, எங்கள் அணியின் காலாண்டு இலக்குத் தாளை நிறைவு செய்து மேலாளருக்கு அனுப்பினேன். எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று நோக்கங்கள், ஒவ்வொரு நோக்கத்தின் கீழும் மூன்றோ நான்கோ முக்கிய விளைவுகள் என்று எண்பது வரிகளைத் தாண்டியிருந்தது அது. முழு மதிப்பெண் 1.0. பெரும்பாலான வரிகளுக்கு எதிரே 0.9 அல்லது 1.0 என்று இருந்தது. மறுநாள் காலை கீழமாசி வீதியிலிருந்து ஒரு மளிகை மொத்த வியாபாரி அழைத்தார். "இதே கோளாறுக்காக நான்காவது முறையாகப் பேசுகிறேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்கிறீர்கள்" என்றார். அவருடைய பெயரைத் தேடிப் பார்த்தேன். மூன்று முறையும் 'தீர்க்கப்பட்டது' என்று பதிவாகியிருந்தது. அந்த மூன்றும் எங்கள் 0.9 மதிப்பெண்ணுக்குள் சேர்ந்திருந்தன.

நான் மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவை நடத்துகிறேன். மொத்த வியாபாரக் கடைகள், உரக்கடைகள், இரும்புக்கடைகள் ஆகியவற்றுக்கான பில் போடும் மென்பொருள் எங்களுடையது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஜனவரியில்தான் எங்கள் நிறுவனம் ஓ.கே.ஆர். முறைக்கு மாறியிருந்தது. ஆங்கிலத்தில் 'நோக்கங்களும் முக்கிய விளைவுகளும்' என்பதன் சுருக்கம் அது. 1970களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்த முறை. அங்கே அவரிடம் அதைக் கற்ற ஜான் டோர் 1999இல் அப்போது மிகச் சிறியதாக இருந்த கூகுளுக்குக் கொண்டுபோனார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்வது நோக்கம். போய்ச் சேர்ந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல உதவுவது முக்கிய விளைவு. கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

முதல் காலாண்டில் நாங்கள் எழுதிய வரிகளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செய்ய வேண்டிய வேலைகள், விளைவுகள் அல்ல. 'வாரம் ஒரு முறை வாடிக்கையாளரை அழைத்து நலம் விசாரிப்பது', 'பயிற்சிக் காணொளி ஆறு தயாரிப்பது' என்பவை போல. காணொளி ஆறும் தயாராயின. அவற்றைப் பார்த்து எந்தக் கடைக்காரருடைய சிக்கலாவது தீர்ந்ததா என்று தாளில் எங்கும் கேள்வி இல்லை. ஒரு வரியைச் சோதிக்க இப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை முழுமையாகச் செய்து முடித்த பிறகும் கடைக்காரருடைய நிலை அப்படியே இருக்க முடியுமா? முடியும் என்றால் அது வேலை. அதை வேலைப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். இலக்குத் தாளில் அதற்கு இடமில்லை.

தனிநபர் வளர்ச்சிக்கான பகுதி இதைவிட மோசம். ஆளுக்கொரு நோக்கம் 'சுய வளர்ச்சி' என்ற தலைப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். எல்லோரும் இணைய வகுப்புகளின் பெயர்களை எழுதினார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து பதினான்கு சான்றிதழ்கள் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் அன்றாட வேலையைத் தொடவில்லை. மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு சகோதரிக்கு, ஐந்தரை மணிக்குக் கிளம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அடுத்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். கையிலிருக்கும் வேலையைச் சரியாகச் செய்தால் போதும் என்று அவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். அவரையும் விடாமல் ஒரு வகுப்பில் சேர வைத்தேன். இரவு பத்து மணிக்கு மேல் பார்த்து முடித்தாராம். அது நான் அவருக்குச் செய்த அநியாயம். வளர விரும்பாதவர் என்று அவரைப் பற்றி நான் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தது அதைவிடப் பெரிய தவறு.

ஏப்ரலில் புதிதாக எழுத உட்காரும் முன் ஒரு வேலை செய்தேன். அதற்கு முந்தைய மூன்று வாரங்களின் புகார்களில் 200 புகார்களை எடுத்து, கடையின் பெயர் வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கு மாலைகள் பிடித்தன. 200இல் 62 புகார்கள், அதே கடையிலிருந்து அதே சிக்கலுக்காக ஏழு நாளுக்குள் மறுபடி வந்தவை. அதாவது 31 சதவீதம். அந்த 62இல் 38 ஒரே வகை: பில்களின் கூட்டுத்தொகையும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலின் தொகையும் பொருந்தவில்லை என்பது. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டிய கடைக்காரருக்கு இது தலைபோகிற காரியம்.

இவை ஏன் திரும்பத் திரும்ப வந்தன? தொகை ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கத் தரவுத்தளத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு எஸ்.க்யூ.எல். வினவல்கள் எழுதத் தெரிய வேண்டும். அணியில் அது ஒருவருக்குத்தான் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக இங்கே இருக்கும் அக்கா அவர். மற்றவர்கள் எல்லோரும் மேலோட்டமாக எதையாவது சரிசெய்து தொகையைப் பொருந்த வைத்துவிட்டு அழைப்பை முடித்தார்கள். காரணம் உள்ளே அப்படியே கிடந்தது. அடுத்த பில்லில் மறுபடி தலைதூக்கியது. அக்காவின் மேசையில் எப்போதும் பத்துப் பதினைந்து கடைகள் வரிசையில் நின்றன.

அணியின் இலக்கும் ஒருவருடைய வளர்ச்சியும் சந்திக்கும் இடம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஜனவரியில் நான் அணியின் இலக்கை எட்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். வளர்ச்சி என்பதைத் தனியாக ஒரு மூலையில் வைத்தேன். செய்ய வேண்டியது வேறு. அணியின் வேலை எந்த இடத்தில், எந்தத் திறமை இல்லாததால் தேங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தத் திறமையைத் தனக்காகவே விரும்புகிறவர் யாராவது இருக்கிறாரா என்று பிறகு கேட்க வேண்டும்.

இருந்தார். அணியிலேயே இளையவர், வந்து பதினான்கு மாதங்கள் ஆனவர். "இரண்டு ஆண்டு கழித்து என்ன வேலையில் இருக்க ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டபோது, சற்றுத் தயங்கிவிட்டு, "இந்தப் பிரிவில் இருக்க மாட்டேன் அண்ணே. நிரல் எழுதும் பக்கம் போக வேண்டும்" என்றார். பல மேலாளர்கள் இந்தப் பதிலைக் கேட்டதும் முகம் மாறிவிடுவார்கள். அடுத்த முறை அந்த ஆள் உண்மை சொல்லவே மாட்டார். தரவுத்தளத்தைப் படிக்கக் கற்பது அவருக்குப் போகிற வழியில் இருக்கிறது. எங்களுக்குத் தேங்கிய இடத்தில் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான தூரம் வரை சேர்ந்து போகலாம் என்று அவரிடம் அப்படியே சொன்னேன்.

இன்னொருவர் காணொளித் தொகுப்பு கற்க விரும்பினார். அதை எங்கள் இலக்கோடு எப்படியாவது முடிச்சுப் போட முடியாதா என்று நானும் யோசித்தேன். முடியவில்லை. இழுத்துப் பிடித்துப் பொருத்துவதற்குப் பதிலாக, "அது உங்களுடைய ஆசை, நல்ல ஆசை, ஆனால் இந்தத் தாளில் அதற்கு இடமில்லை" என்று சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். நிம்மதியானதுபோல் தெரிந்தது. மேலூர்ச் சகோதரிக்கும் தனி இலக்கு எதுவும் எழுதவில்லை.

தாள் எண்பது வரிகளிலிருந்து ஒரே பக்கத்துக்கு வந்தது. நோக்கம் ஒன்றுதான்: ஒரு முறை அழைத்த கடைக்காரர் அதே சிக்கலுக்காக மறுபடி அழைக்க நேரக்கூடாது. முக்கிய விளைவுகள் மூன்று. ஏழு நாளுக்குள் திரும்பி வரும் புகார்கள் 31 சதவீதத்திலிருந்து 15ஆகக் குறைய வேண்டும். ஜி.எஸ்.டி. பொருத்தப் புகார்களில் அக்காவிடம் போகாமலே தீர்பவை பத்துக்கு 2 என்பதிலிருந்து 7ஆக உயர வேண்டும். மூன்றாவது ஒரு காவல்: முதல் பதில் கிடைக்க ஆகும் சராசரி நேரம் இப்போதுள்ள 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஓர் அளவை மட்டும் துரத்தினால் வேறெங்கோ ஒன்று கெடும். எனவே அதற்கு எதிர்ப்பக்கம் இன்னோர் அளவை இணையாக வைக்க வேண்டும் என்பது குரோவ் வலியுறுத்திய விஷயம். எங்கள் தாளில் மிகவும் பயன்பட்டது இந்த மூன்றாவது வரிதான்.

இளையவருடைய தனி இலக்கை எழுதும்போது 'எஸ்.க்யூ.எல். கற்பது' என்றுதான் முதலில் எழுதினார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சேர்ந்து கணக்குப் போட்டோம். காலாண்டுக்கு 13 வாரங்கள். ஒவ்வொரு மாதமும் 11ஐயும் 20ஐயும் ஒட்டிய இரண்டு வாரங்களில் தொலைபேசி ஓயாது; அப்போது யாரையும் எழுப்பி வகுப்புக்கு அனுப்ப முடியாது. அப்படி ஆறு வாரங்கள் போக மிஞ்சுவது 7. வாரத்துக்கு மூன்று மணி நேரம் நான் வேலையிலிருந்து விடுவித்தால் மொத்தம் 21 மணி. அதிலும் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் இருக்கிறது. இந்த 21 மணியில் எஸ்.க்யூ.எல். முழுவதையும் கற்க முடியாது. ஆனால் அந்த 38 புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே காரணங்கள் இருந்தன. கணக்குத் தாக்கல் செய்த பிறகு பழைய பில்லைத் திருத்தியிருப்பார்கள். அல்லது சரக்குத் திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட் வேறு மாதத்தில் விழுந்திருக்கும். அல்லது வெளிமாநில வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கமான மாநிலக் குறியீடு தவறாகப் பதிவாகியிருக்கும். கேரளத்தின் 32க்குப் பதில் தமிழ்நாட்டின் 33 என்று இருந்தால் வரியின் வகையே மாறிவிடும். மூன்று காரணங்களைக் கண்டுபிடிக்க மூன்று வினவல்கள். 21 மணிக்குள் அது அடங்கும்.

எனவே அவருடைய முக்கிய விளைவுகள் இப்படி அமைந்தன. ஆறாம் வாரத்துக்குள், ஏற்கெனவே தீர்ந்த ஐந்து பழைய புகார்களைத் தரவுத்தளத்தின் நகலில் மறுபடி ஆராய்ந்து, அக்கா கண்டுபிடித்த அதே காரணத்துக்கு வந்து சேர வேண்டும். பதின்மூன்றாம் வாரத்துக்குள், பத்து உண்மையான புகார்களை அக்காவின் உதவியின்றித் தீர்க்க வேண்டும். அவை ஏழு நாளுக்குள் திரும்பி வரக்கூடாது. மூன்று காரணங்களுக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதை வைத்து வேறு ஒருவர் ஒரு புகாரையாவது தீர்த்திருக்க வேண்டும். சான்றிதழ் இதில் எங்குமே இல்லை. கற்றாரா என்பதை அவரோ நானோ சொல்லவில்லை. திரும்பி வராத புகார் சொல்கிறது. அசல் தரவுத்தளத்தில் கைவைக்கும் அனுமதி அவருக்குத் தரவில்லை, படிக்கும் அனுமதி மட்டுமே. கற்பவரைக் காப்பதற்கு அது அவசியம்.

திங்கட்கிழமை தோறும் கால் மணி நேரம் நின்றபடியே பேசினோம். ஒவ்வொரு விளைவையும் எட்டிவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்பேன். எண் குறைந்தால் காரணம் கேட்பேன். ஐந்தாம் வாரம், திரும்பி வரும் புகார்கள் 18 சதவீதமாகிவிட்டன என்று தாள் காட்டியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் உறுத்தியது. திரும்பி வருபவை குறைந்திருந்தால் மொத்த அழைப்புகளும் சற்றாவது குறைந்திருக்க வேண்டும். தொலைபேசிப் பதிவேட்டில் அழைப்புகள் குறையவே இல்லை. ஒரு மாலை உட்கார்ந்து தொலைபேசி எண் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மறுபடி அழைத்த கடைக்காரரின் பழைய புகாரைத் திறக்காமல், வேறு தலைப்பில் புதிய புகாராகப் பதிந்திருந்தார்கள். நான் ஏப்ரலில் கடை வாரியாகக் கையால் எண்ணினேன். மென்பொருள் புகார் எண்ணை வைத்து எண்ணியது. அந்த இடைவெளியில் எண் அழகாகிவிட்டது. உண்மை நிலை 28 சதவீதம்.

யாரையும் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். மேலூர்ச் சகோதரிதான் சொன்னார்: "இந்தத் தாளைப் பார்த்துத்தானே சம்பள உயர்வு போடுவார்கள்?" ஜனவரியில் மேலாளர் அப்படித்தான் அறிவித்திருந்தார், நானும் தலையசைத்திருந்தேன். எங்கள் 0.9களுக்கும் அதுதான் காரணம். மதிப்பெண் சம்பளமாகும் என்றால், எட்டக்கூடியதை மட்டும்தான் மனிதர்கள் எழுதுவார்கள். எட்டாததை எட்டியதாகப் பதிவார்கள். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் உள்ளவர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்? கூகுளே இந்த மதிப்பெண்ணும் பணி மதிப்பீடும் ஒன்றல்ல என்கிறது. துணிந்து வைத்த இலக்கில் 0.6, 0.7 கிடைத்தால் அது நல்ல நிலை, எல்லாவற்றிலும் 1.0 வந்தால் இலக்கே சிறியது என்பது அங்குள்ள வழக்கம். இதை மேலாளரிடம் எடுத்துச் சொல்ல மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன. தாளின் மதிப்பெண்ணைச் சம்பள உயர்வில் எடுத்துக்கொள்ள மாட்டோம், ஆண்டு இறுதியில் ஒவ்வொருவரின் பணியையும் தனியாக உட்கார்ந்து பேசுவோம் என்று அவர் எழுத்தில் தந்தார். எழுத்தில் வந்த பிறகுதான் அணி நம்பியது. எண்ணும் முறையையும் தொலைபேசி எண்ணுக்கு மாற்றினோம்.

ஜூன் 30 அன்று எண்கள் இப்படி இருந்தன. திரும்பி வரும் புகார்கள் 31இலிருந்து 21ஆகியிருந்தன. குறைக்க எண்ணியது 16 புள்ளிகள், குறைந்தது 10; மதிப்பெண் 0.6. அக்காவிடம் போகாமல் தீர்ந்தவை பத்துக்கு 6. இரண்டிலிருந்து ஏழுக்குப் போக வேண்டிய ஐந்து படிகளில் நான்கு, 0.8. காவல் வரி உடைந்தது: முதல் பதில் கிடைக்கும் நேரம் 20 நிமிடத்திலிருந்து 26 ஆகிவிட்டது. கற்பதற்காக இளையவரையும் இன்னொருவரையும் வாரம் மூன்று மணி நேரம் விடுவித்ததன் விலை அது. அந்த வரி இல்லாவிட்டால் விலையே இல்லாமல் முன்னேறிவிட்டோம் என்று நினைத்திருப்போம். இளையவர் பத்துக்கு ஏழு புகார்களைத் தீர்த்தார். அவருடைய குறிப்பை வைத்து மேலூர்ச் சகோதரி, ஐந்தேகால் மணிக்கு வந்த ஒரு மாநிலக் குறியீட்டுச் சிக்கலைத் தீர்த்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினார்.

அக்காவின் வரி மட்டும் 0.3இல் நின்றது. அவருக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தது 'இருவருக்குக் கற்பிப்பது'. வகுப்புக்கு வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். நேரமில்லை என்பார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஜூலை முதல் வாரம் ஒரு மாலை, வெளியே பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தப் பையனுக்கு நிரல் எழுதும் பக்கம் போக வழி கிடைத்தது. உனக்குப் புகார் குறைந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால் என்னை எதற்கு வைத்திருப்பீர்கள்?"

இளையவரிடம் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவருடைய ஒன்பது ஆண்டு அனுபவத்தை அணியின் இலக்குக்குத் தேவையான பொருளாக மட்டும் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுப்பதும் வளர்ச்சிதான் என்று நானாகவே முடிவு செய்து எழுதியிருக்கிறேன். அது அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. பதிலுக்கு எதையும் தரவில்லை. அணியில் ஒருவர் மட்டும் அறிந்திருக்கும் திறமையைப் பரப்ப எழுதப்படும் இலக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கும்போது அது சோம்பலாகவோ பிடிவாதமாகவோ தெரியும்.

அன்றே கேட்டேன். தயாராக வைத்திருந்த பதில் போலச் சொன்னார்: "இந்தக் கோளாறுகளில் பாதி, புதிய பதிப்பு வெளியாகும்போது உள்ளே வருகிறது. வெளியாகும் முன் என்னிடம் காட்டினால் அங்கேயே பிடித்துவிடுவேன். யாரும் காட்டுவதில்லை."

ஜூலை முதல் அவருடைய நோக்கம் அதுவாயிற்று: வரிக் கணக்குப் பகுதியைத் தொடும் எந்தப் பதிப்பும் அவர் பார்க்காமல் வெளியே போகக்கூடாது. முக்கிய விளைவு, வெளியான பிறகு அந்தப் பகுதியில் கண்டறியப்படும் கோளாறுகளின் எண்ணிக்கை. அதற்கு நிரலாளர்களின் ஒப்புதலும் மேலாளரின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. அவருடைய பொறுப்பின் பெயரும் மாறியது. அந்த வேலைக்கு நேரம் வேண்டும் என்பதால் பொருத்தப் புகார்களை அவரே இருவரிடமும் தள்ளிவிட ஆரம்பித்தார். அதற்காக உட்கார வைத்து, கேட்காததையும் சொல்லிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் பதிப்பு வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, கிரெடிட் நோட் மாதம் மாறி விழும் அதே பிழை புதிய வடிவில் உள்ளே இருப்பதை அக்கா பிடித்தார். பதிப்பு நான்கு நாள் தள்ளிப்போனது. அந்த மாதம் 11ஆம் தேதி, கீழமாசி வீதி வியாபாரியின் எண் எங்கள் பதிவேட்டில் வரவில்லை.